வாலட் ரிப்போர்ட்டில் வரும் ‘புதிய வாடிக்கையாளர்’ உண்மையிலேயே புதியவரா?

வாசகர் கேள்வி

ஆன்லைன் கடை ஒன்றில் ஆர்டர் டேட்டாவைப் பார்ப்பது என் வேலை. மூன்று மாதம் முன்பு ஒரு வாலட் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு மாதம் கேஷ்பேக் ஆஃபர் விட்டோம். வாலட்டில் பணம் கட்டினால் ஆர்டர் தொகையில் 10% திரும்ப வரும். பாதியை நாங்கள் ஏற்கிறோம், பாதியை அவர்கள். 4,000 ஆர்டர்களுக்குக் கேஷ்பேக் போனது, அதில் 2,400 பேர் புதியவர்கள் என்று அவர்கள் ரிப்போர்ட் சொல்கிறது. போன் நம்பரை வைத்துப் பொருத்திப் பார்த்தேன்; 1,300 பேர் எங்களிடம் முன்பே வாங்கியவர்கள். மீதி 1,100 பேரே போதும், இன்னும் ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போடலாம் என்கிறார் மேலாளர். எனக்கு என்னவோ உறுத்துகிறது. ஆனாலும் அந்தப் புதியவர்களில் பலர் மறுபடியும் வாங்கியிருக்கிறார்கள். ஆஃபர் முடிந்த அடுத்த மாதம் புதியவர்கள் வருவதும் குறைந்தது. ஆஃபர் வேலை செய்தது என்பதற்கு இதெல்லாம் சாட்சி இல்லையா? மாதவாரி எண்ணிக்கையை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்

ஆறு மாத ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடவேண்டாம் என்று உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள். ஆஃபரே வீண் என்று நான் சொல்லவரவில்லை. அது வீணா இல்லையா என்று தெரிந்துகொள்ள உங்கள் கையில் இன்னும் ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் சாட்சி என்று நினைக்கிற இரண்டுமே சாட்சியாக நிற்காது. ஏன் என்று சொல்கிறேன், பிறகு எப்படிச் சோதிப்பது என்றும் சொல்கிறேன்.

முதலில், போன் நம்பரை வைத்துப் பொருத்திப் பார்த்தீர்களே, அது ரொம்பச் சரியான வேலை. வாலட் நிறுவனத்தின் ரிப்போர்ட்டில் ‘புதியவர்’ என்றால் பெரும்பாலும் ‘இந்தக் கடையில் எங்கள் வாலட்டால் முதல் தடவை பணம் கட்டியவர்’ என்றுதான் பொருள். மூன்று வருடமாக உங்களிடம் கார்டில் வாங்கிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் வாலட்டுக்கு மாறினால் அவர்கள் கணக்கில் அன்றைக்கு அவர் புதியவர். அவர்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் பழைய ஆர்டர்கள் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது, தெரிவதை எண்ணுகிறார்கள். அதனால்தான் வெளியிலிருந்து வரும் எந்த ரிப்போர்ட்டிலும் அந்தச் சொல்லுக்கு என்ன வரையறை என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் போன் நம்பர் மட்டும் போதாது. ஒரே எண் ஒரு ஆர்டரில் நாட்டுக் குறியீட்டோடு இருக்கும், இன்னொன்றில் முன்னால் சுழியத்தோடு இருக்கும், வேறொன்றில் இடைவெளி விட்டு இருக்கும். இதையெல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும். ஈமெயிலில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்தையும், `+` குறிக்குப் பின்னால் சேர்க்கும் ஒட்டையும் நீக்குங்கள். அப்புறம் டெலிவரி முகவரி. ‘புதியவர்களுக்கு மட்டும்’ என்று ஆஃபர் இருந்தால், அதே வீட்டில் இன்னொருவர் நம்பரில் இன்னொரு கணக்கு முளைப்பது மிகச் சாதாரணம். ஒரே முகவரியில் உண்மையாகவே இரண்டு தனி வாங்குபவர்கள் இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் இந்தக் கணக்குக்கு வீட்டையே ஓர் ஆளாக வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் கேஷ்பேக் எப்போதும் கணக்குகளைப் பெருக்கும் பக்கமாகத்தான் தள்ளும். எண்ணிக்கை தவறினால் ஆஃபருக்குச் சாதகமாகத் தவறுவதற்கே வாய்ப்பு அதிகம்.

வாலட்டில் ஏறியது, கார்டில் இறங்கியது

இப்போது அந்த 1,100 பேருக்கு வருவோம். அவர்கள் எல்லோரும் உங்கள் கடைக்குப் புதியவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கேள்வி அதோடு முடியவில்லை. ஆஃபர் இல்லாவிட்டாலும் அதே மாதம் கார்டில் பணம் கட்டி வாங்கியிருக்கக்கூடியவர்கள் அவர்களில் எத்தனை பேர்?

பதிலின் பெரும்பகுதி உங்கள் இணைப்பிலேயே இருக்கிறது. ஆஃபருக்கு முந்தைய மாதம் மொத்தம் 3,000 புதியவர்கள் வந்திருக்கிறார்கள். அதில் 300 பேர் வாலட், மற்ற 2,700 பேர் கார்டு, வங்கிப் பரிமாற்றம் இத்யாதி. ஆஃபர் மாதம் மொத்தம் 3,150. அதில் வாலட் 1,100, மற்றவை 2,050. வாலட் வரிசையை மட்டும் பார்த்தால் 800 பேர் கூடியிருக்கிறார்கள். அதே நேரத்தில் மற்ற வழிகளில் 650 பேர் குறைந்திருக்கிறார்கள். அந்த 650 பேர் எங்கும் போய்விடவில்லை. பணம் கட்டும் வழியைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைப்பதே நியாயமான ஊகம். ஆக, உங்கள் மேலாளர் 1,100 என்று சொல்லும் எண் இந்த ஒரே கழித்தலில் 150 ஆகிவிடுகிறது.

அந்த 150-ஐயும் நம்பிவிடாதீர்கள். மாதம் 3,000 பேர் வரும் இடத்தில் எந்தக் காரணமும் இல்லாமலே இரண்டு மாதங்களுக்கு இடையில் சுமார் 150 வரை வித்தியாசம் வரலாம். இரண்டு எண்களையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள்; அதற்குள் இருக்கிற வித்தியாசத்தைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். 3,000-ம் 3,150-ம் சேர்ந்து 6,150, அதன் வர்க்கமூலம் 78, இரு மடங்கு 156. உங்கள் 150 அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இதற்கு மேல் பண்டிகை, சம்பள நாள், வேறு விளம்பரம் என்று மாதத்துக்கு மாதம் மாறும் சங்கதிகள் வேறு. முகவரிப் பொருத்தம் செய்யும்போது சில டஜன் ‘புதியவர்கள்’ பழைய வீடுகளாக மாறினாலும் அந்த 150 மேலும் தேயும்.

அடுத்த மாதம் புதியவர்கள் குறைந்ததைச் சாட்சியாகச் சொல்லியிருந்தீர்கள். இணைப்பில் அந்த மாதம் 2,880 என்று இருக்கிறது, வழக்கத்தைவிட 120 குறைவு. இதை இன்னொரு மாதிரியும் படிக்கலாம்: அடுத்த மாதம் எப்படியும் வாங்கவிருந்தவர்கள், ஆஃபர் முடிவதற்குள் வாங்கிவிடலாம் என்று முன்கூட்டியே வந்துவிட்டார்கள். அப்படியானால் ஆஃபர் மாதத்தின் 150 ஏற்றமும் அடுத்த மாதத்தின் 120 இறக்கமும் ஒரே ஆட்கள்தான், தேதி மட்டும் மாறியிருக்கிறது. இரண்டு மாதங்களையும் சேர்த்தால் மிச்சம் 30. இதுதான் நடந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். இந்த இறக்கமும் தற்செயலுக்குள் அடங்குவதுதான். ஆனால் ஆஃபர் முடிந்ததும் வரும் சரிவை ஆஃபரின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டவே கூடாது. பல நேரங்களில் அது நேர்மாறான செய்தி.

ஆஃபர் எந்த இடத்தில் அவர் கண்ணில் பட்டது?

இது ஒரு நாள் வேலைதான், ஆனால் நிறையப் பேர் செய்வதில்லை. ஒருவர் அந்த ஆஃபரை முதன்முதலில் எப்போது பார்த்தார் என்று தேடுங்கள். கூகுள் அனலிட்டிக்ஸ் 4 பயன்படுத்துகிறீர்கள் என்றால் `view_promotion`, `begin_checkout`, `add_payment_info`, `purchase` என்ற நிகழ்வுகளை நேர வரிசையில் அடுக்கிப் பார்க்கலாம். பணம் கட்டும் வழி `payment_type` என்பதில் இருக்கும். `view_promotion` தானாக வராது, பேனரில் நீங்கள் பொருத்தியிருக்க வேண்டும். பொருத்தாவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள்.

பேமென்ட் பக்கத்தில் வாலட் லோகோவுக்குப் பக்கத்தில் மட்டுமே ‘10% கேஷ்பேக்’ என்று இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்தவர் ஏற்கெனவே உங்கள் தளத்துக்கு வந்து, பொருளைத் தேர்ந்தெடுத்து, முகவரியும் தட்டி முடித்திருக்கிறார். கடைக்குள் வந்து பில் போட வரிசையில் நிற்பவரிடம் ‘கடைக்கு வாருங்கள்’ என்று நோட்டீஸ் கொடுப்பது போலத்தான் இது. அந்த இடத்தில் ஆஃபர் செய்யக்கூடிய ஒரே நல்லது, பேமென்ட் பக்கம் வரை வந்து திரும்பிப் போகவிருந்தவரை நிறுத்திவைப்பது. அதுவும் பெறுமதியான காரியம்தான். ஆனால் அதை அளப்பதற்கு, பேமென்ட் பக்கம் வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் வாங்கி முடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். வாலட் ஆர்டர்கள் எத்தனை என்று பார்த்தால் தெரியாது.

ஸ்கிராட்ச் கார்டு மாதிரியான வெகுமதி இன்னும் தெளிவான விஷயம். பணம் கட்டி முடித்த பிறகுதான் திரையில் வருகிறது, அதுவரை அப்படி ஒன்று உண்டு என்றே அவருக்குத் தெரியாது என்றால், அந்த ஆர்டருக்கு அது காரணமாக இருக்கவே முடியாது. அடுத்த ஆர்டருக்குக் காரணமாகலாம். இதையெல்லாம் பிரிக்காமல் ‘கேஷ்பேக் போன ஆர்டர்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் எதுவும் புரியாது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல்: உடனடித் தள்ளுபடி என்றால் உங்கள் ஆர்டர் டேட்டாவில் தொகை குறைந்து தெரியும். கேஷ்பேக் அப்படி இல்லை. வாங்குபவர் முழுத் தொகையைக் கட்டுகிறார், பணம் பின்னால் அவருடைய வாலட்டுக்குப் போகிறது. உங்கள் ஆர்டர் டேபிளைப் பார்த்தால் அது முழு விலை ஆர்டர் மாதிரியே இருக்கும். வாலட் நிறுவனத்தின் செட்டில்மென்ட் ஃபைலில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணை வைத்து ஒவ்வொரு ஆர்டரோடும் கேஷ்பேக்கைச் சேர்த்துவையுங்கள். திரும்ப வந்த ஆர்டர்களுக்கும் ரத்தானவற்றுக்கும் கேஷ்பேக் திரும்பப் பெறப்பட்டதா என்பதும் அங்கேதான் தெரியும்.

பாதிப் பேருக்கு ஆஃபரைக் காட்டாமல் விடுங்கள்

மேலே சொன்ன கழித்தல் சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும், தீர்ப்புச் சொல்லாது. ‘ஆஃபர் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்’ என்பதற்கு நம்பத்தக்க பதில் வேண்டுமென்றால், அதே நாட்களில் ஆஃபரைப் பார்க்காத ஒரு கூட்டம் வேண்டும், அந்தக் கூட்டம் குலுக்கல் முறையில் அமைந்திருக்க வேண்டும். கேஷ்பேக் பயன்படுத்தியவர்களையும் பயன்படுத்தாதவர்களையும் ஒப்பிட்டால் அது வராது. அந்த வாலட்டை போனில் வைத்திருப்பவர்கள், ஆஃபர் தேடி அலைபவர்கள், ஏற்கெனவே வாங்கும் முடிவில் இருந்தவர்கள் எல்லாம் முதல் கூட்டத்தில்தான் இருப்பார்கள். இரண்டு கூட்டமும் ஆரம்பத்திலிருந்தே வேறுவேறு ஆட்கள்.

செய்யும் முறை இதுதான். தளத்துக்கு வருகிறவரின் அடையாள எண்ணோடு ஒரு நிலையான சொல்லைச் சேர்த்து ஹாஷ் எடுத்து இரண்டால் வகுங்கள். மீதி 0 என்றால் ஆஃபர் தெரியும், 1 என்றால் தெரியாது. ஒருவருக்கு ஒரு தடவை விழுந்தது கடைசி வரை மாறக்கூடாது. லாகின் செய்தவர்களுக்கு அவர்கள் கணக்கு எண்ணை வைத்தே பிரியுங்கள், இல்லாவிட்டால் போனில் ஆஃபரைப் பார்த்தவர் கம்ப்யூட்டரில் பார்க்காத பக்கம் போய்விடுவார்.

எந்த இடத்தில் பிரிப்பது? ஆஃபர் முதன்முதலில் கண்ணில் படும் இடத்தில். முகப்புப் பக்கத்தில் பேனர் இருந்தால் தளத்துக்குள் நுழையும்போதே பிரிக்க வேண்டும். பேமென்ட் பக்கத்தில் மட்டும்தான் என்றால் அந்தப் பக்கத்தை எட்டும்போது பிரித்தால் போதும். ஆஃபரைப் பார்க்க வாய்ப்பே இல்லாத கூட்டம் கணக்கில் கலக்காது, முடிவும் கூர்மையாக வரும்.

பிரித்த பிறகு எண்ணுவது மிக எளிது. எளிதாக இருப்பதாலேயே இதில் கைவைத்துக் கெடுப்பவர்கள் அதிகம்:

```sql
SELECT v.arm,
       COUNT(DISTINCT v.visitor_id) AS visitors,
       COUNT(DISTINCT o.person_id)  AS new_buyers
FROM visitors v
LEFT JOIN orders o
  ON o.visitor_id = v.visitor_id
 AND o.is_first_order = 1
 AND o.order_time >= v.first_seen
 AND o.status = 'delivered'
GROUP BY v.arm;
```

இதில் பணம் கட்டிய வழி எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். `pay_method = 'wallet'` என்று ஒரு வரி சேர்த்தால் போதும், கார்டிலிருந்து வாலட்டுக்கு மாறியவர்கள் எல்லாம் மறுபடியும் புதியவர்களாக எழுந்து நிற்பார்கள். ஆஃபர் காட்டப்பட்ட கூட்டத்தில் விழுந்த எல்லோரையும், கேஷ்பேக் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், எப்படிப் பணம் கட்டினாலும், அந்தக் கூட்டத்திலேயே எண்ணுங்கள். ஆஃபர் காட்டாத பக்கத்தில் இருப்பவர் நண்பர் மூலம் கேள்விப்பட்டு ‘எனக்கும் கொடுங்கள்’ என்று எழுதினால் கொடுத்துவிடுங்கள். வாங்குபவரிடம் சண்டை வேண்டாம். ஆனால் அவரைப் பக்கம் மாற்றாதீர்கள்.

முடிவைப் பார்ப்பதற்கு முன் `visitors` எண்ணைப் பாருங்கள். இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 60,000, மறுபக்கம் 57,000 என்று வந்தால் அது தற்செயலாக நடக்கவே நடக்காது. எங்கோ நிகழ்வு பதிவாகவில்லை, அல்லது ஒரு கூட்டத்துக்கு வலைப்பக்கம் ஏற நேரமாகி ஆட்கள் எண்ணப்படும் முன்பே போய்விடுகிறார்கள். அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

எவ்வளவு நாள்? இங்கே பொறுமை வேண்டும். உங்களுக்கு மாதம் 3,000 புதியவர்கள். பாதியாகப் பிரித்தால் பக்கத்துக்கு 1,500. முன்பு சொன்ன வர்க்கமூலக் கணக்கின்படி தற்செயல் வித்தியாசமே 110 வரை வரும். அதாவது ஆஃபர் உண்மையாகவே 5% புதியவர்களைக் கூட்டினாலும், அது 75 பேர்தான் என்பதால், ஒரு மாதத்தில் உங்களால் அதைத் தெளிவாகப் பார்க்க முடியாது. குறைந்தது இரண்டு மாதம் ஓடவிடுங்கள். எந்தத் தேதியில் நிறுத்துவது என்று தொடங்கும் முன்பே எழுதிவைத்துவிடுங்கள். தினமும் எட்டிப்பார்த்து, எண் நன்றாக இருக்கும் நாளில் நிறுத்தினால் எந்த ஆஃபரும் ஒரு நாள் வெற்றி பெற்றுவிடும். சோதனை முடிந்து ஆஃபரை எடுத்த பின்னும் நான்கைந்து வாரம் அதே இரு கூட்டத்தையும் எண்ணிக்கொண்டே இருங்கள், முன்கூட்டியே வாங்கியவர்கள் அப்போது வெளியே தெரிவார்கள்.

இதை விளம்பரத் துறையில் ஒருமுறை பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். ஈபே நிறுவனம் தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டிய கட்டண விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்திச் சோதித்தது. தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் மூவரும் சேர்ந்து எழுதிய அந்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்கள் கிட்டத்தட்ட முழுவதும் சாதாரணத் தேடல் முடிவைத் தட்டி வந்துவிட்டார்கள். ஆனால் பொதுவான சொற்களில் காட்டிய விளம்பரம், புதியவர்களிடமும் எப்போதோ ஒரு தடவை வாங்குபவர்களிடமும் பலன் தந்தது. ஏற்கெனவே வரும் வழியில் இருந்தவருக்குச் செலவழித்த காசும், தெரியாதவருக்குச் செலவழித்த காசும் ஒரே ரிப்போர்ட்டில் ஒரே மாதிரி தெரிந்தன. உங்கள் கேஷ்பேக்கிலும் அதே கலப்புதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுபடியும் வாங்கினார்கள் என்றால்?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த இடம்தான். மறுபடியும் வாங்குகிறார்கள், எனவே நல்ல வாடிக்கையாளர்கள், அதுவரை சரி. எனவே ஆஃபர் கொண்டுவந்தவர்கள் என்பது மட்டும் வராது. சொல்லப்போனால், எப்படியும் உங்களைத் தேடி வரவிருந்தவர்தான் திரும்பத் திரும்ப வாங்குவார். 10% திரும்பக் கிடைக்கிறதே என்று மட்டும் வந்தவர் ஆஃபர் முடிந்ததும் காணாமல் போக வாய்ப்பு அதிகம். ஆகவே கேஷ்பேக் வாங்கிய புதியவர்களிடம் மறுவாங்கல் அதிகமாக இருப்பது, அவர்களில் பெரும்பகுதி ஆஃபரால் வராதவர்கள் என்பதற்கான அறிகுறியாகக்கூட இருக்கலாம்.

இதையும் கூட்டங்களாகத்தான் பார்க்க வேண்டும். ஆஃபர் காட்டிய பக்கத்துப் புதியவர்கள் எல்லோரும் அடுத்த 90 நாளில் செய்த மொத்த ஆர்டர்கள் எத்தனை, காட்டாத பக்கத்துப் புதியவர்கள் செய்தவை எத்தனை? இரண்டின் வித்தியாசம்தான் ஆஃபர் கொண்டுவந்தவர்களின் மறுவாங்கல். புதியவர்கள் 200 பேர் கூடுதல், மறு ஆர்டர்கள் மட்டும் இரு பக்கமும் ஒன்றே என்றால், கூடுதலாக வந்தவர்கள் ஒரு தடவையோடு போய்விட்டார்கள் என்று பொருள்.

ஒரு புதியவருக்கு என்ன விலை கொடுத்தீர்கள்?

சராசரி ஆர்டர் ஒன்றின் தொகையை ஓர் அலகாக வைத்துக்கொள்வோம். 4,000 ஆர்டர், உங்கள் பங்கு 5%, எனவே செலவு 200 ஆர்டர்களின் மதிப்பு. வாலட் ரிப்போர்ட்டின் 2,400 பேரால் வகுத்தால் ஒரு புதியவருக்கு ஆர்டர் தொகையில் 8% தான், கொள்ளை மலிவு. உங்கள் மேலாளரின் 1,100 பேரால் வகுத்தால் 18%, இன்னும் மலிவுதான். கழித்தலில் வந்த 150 பேரால் வகுத்தால் ஒரு புதியவருக்கு ஒன்றேகால் ஆர்டருக்கும் கொஞ்சம் மேலே போகிறது. செலவு மாறவே இல்லை, கீழே போடும் எண் மட்டும்தான் மாறுகிறது.

இரண்டு மாதச் சோதனை முடிந்து, காட்டிய பக்கம் 3,190 புதியவர்கள், காட்டாத பக்கம் 2,980 என்று வந்ததாக ஓர் உதாரணம் எடுப்போம். வித்தியாசம் 210, தற்செயல் எல்லை 157, ஆக இது உண்மையான ஏற்றம்தான். ஆனால் அதன் அளவு 50 முதல் 370 வரை எதுவாகவும் இருக்கலாம். பாதிப் பேருக்கு மட்டும் காட்டியதால் இரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கேஷ்பேக் அதே 4,000 ஆர்டர், அதே 200 அலகுச் செலவு. ஒரு புதியவருக்கு 0.95 அலகு, ஏறக்குறைய ஒரு முழு ஆர்டர் தொகை. உங்கள் லாப விகிதம் 30% என்றால் முதல் ஆர்டரில் 0.30 திரும்பிவிடுகிறது, மீதி 0.65-ஐ எடுக்க அவர் கேஷ்பேக் இல்லாமல் இன்னும் இரண்டு மூன்று தடவை வாங்க வேண்டும். வாங்குவார்களா என்பதை மேலே சொன்ன 90 நாள் எண்ணிக்கை சொல்லும்.

ஒரு நியாயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த 200 அலகில் பெரும்பகுதி பழைய வாடிக்கையாளர்களுக்குப் போனது, அவர்களும் ஆஃபரால் கொஞ்சம் அதிகம் வாங்கியிருக்கலாம். அதனால் கடைசி முடிவுக்குப் புதியவர்களை மட்டும் பார்க்காமல், இரு பக்கத்தின் மொத்த லாபத்தையும் கேஷ்பேக்கைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். ‘புதியவர்களைக் கொண்டுவருகிறதா’ என்பதும் ‘எங்களுக்கு லாபமா’ என்பதும் இரண்டு கேள்விகள். ஒன்றுக்கு இல்லை, இன்னொன்றுக்கு ஆம் என்றுகூட வரலாம்.

வாலட் நிறுவனத்திடம் பேசும்போது

உங்கள் தளத்தில் ஆஃபரை மறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் அவர்கள் தங்கள் செயலியில் நோட்டிஃபிகேஷன் அனுப்பினால் உங்கள் ‘காட்டாத’ கூட்டத்துக்கும் அது போய்விடும், வித்தியாசம் மங்கிவிடும். இதற்கு இரண்டு வழி. சோதனை நடக்கும் நாட்களில் நோட்டிஃபிகேஷனை நிறுத்தச் சொல்லுங்கள். அல்லது அவர்களுடைய பயனர்களை அவர்களே குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதிக்கு அனுப்பாமல் வைக்கட்டும். இரு பட்டியலையும் உங்கள் ஆர்டர்களோடு பொருத்திப் பார்த்து, வாலட் மட்டுமல்லாமல் எந்த வழியில் வாங்கினாலும் எண்ணுங்கள். அவர்களுடைய செயலி உண்மையிலேயே உங்களைத் தெரியாதவர்களை அழைத்துவருகிறது என்றால் அது இந்த இரண்டாவது முறையில்தான் பளிச்சென்று தெரியும். என் அனுபவத்தில் வாலட் கூட்டுக்கு நியாயம் இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது, பேமென்ட் பக்கத்து லோகோவில் இல்லை.

பட்டியல் பரிமாறும்போது ஒரு எச்சரிக்கை. போன் நம்பரை ஹாஷ் செய்துவிட்டால் அது யாருடையது என்று தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். போன் எண்கள் எண்ணிக்கையில் அடங்குபவை. எல்லா எண்களையும் ஹாஷ் செய்து பார்த்து யாரென்று கண்டுபிடித்துவிடலாம். தனிநபர் தகவலைப் பகிர்வதாகவே கருதி, உங்கள் தனியுரிமைக் கொள்கையில் அதற்கு இடமிருக்கிறதா என்று சட்ட ஆலோசகரிடம் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதிவிட்டுச் செய்யுங்கள். முடிந்தால் பெயர், எண் எதுவும் வெளியே போகாமல் கூட்டத்தின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பரிமாறுங்கள்.

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியது: ஆறு மாதத்துக்குப் பதில் இரண்டு மாதம், அதில் சோதனைக் கூட்டத்துக்கு அனுமதி, ‘புதியவர்’ என்பதற்கு உங்கள் வரையறை, அதாவது எந்த வழியிலும் உங்களிடம் முன்பு வாங்காதவர். புதிய ஆட்களுக்கு மட்டும் கேஷ்பேக் என்று கேட்டாலும் ஒத்துக்கொள்ளலாம். அப்போது பழையவர்களுக்குப் போகும் செலவு மிச்சம், ஆனால் போலிக் கணக்குகள் கூடும், முகவரிச் சோதனையைப் பணம் கொடுக்கும் முன்பே வைக்க வேண்டியிருக்கும்.

சோதனைக் கூட்டத்துக்கு அவர்கள் ஒத்துவராவிட்டால், அல்லது உங்கள் தளத்தில் ஆளுக்கு ஆள் பிரிக்கும் வசதி இல்லாவிட்டால், வாரக் கணக்கில் குலுக்கிப் போடுங்கள்: எட்டு முதல் பன்னிரண்டு வாரம், எந்த வாரம் ஆஃபர் உண்டு, எந்த வாரம் இல்லை என்பதை முன்கூட்டியே குலுக்கல் முறையில் முடிவு செய்து எழுதிவைத்து, வெளியே அறிவிக்காமல் நடத்துங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் எல்லா வழிகளிலும் வந்த மொத்தப் புதியவர்களை மட்டும் குறித்துவாருங்கள். ஆள் வாரியாகப் பிரிப்பதைவிட இது மழுங்கலான கருவிதான், ஆஃபர் வாரத்திலேயே முன்கூட்டி வாங்கிவிடுபவர்களை இது தனியாகக் காட்டாது. அதைத் தெரிந்துகொள்ள, ஆஃபர் வாரத்தை அடுத்து வரும் வெறும் வாரங்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். அவை மற்ற வெறும் வாரங்களைவிடத் தாழ்ந்திருந்தால், ஆஃபர் வாரத்தின் ஏற்றத்திலிருந்து அந்தப் பள்ளத்தைக் கழித்துவிட்டு மேலாளரிடம் எண்ணைக் கொடுங்கள்.